படத்தில் தெரியும் மயில்: தோகை, கழுத்து, கொண்டை கொண்டு எவ்வளவு தூரம் தீர்ப்புச் சொல்லலாம்?

ஒரு மயிலின் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு அது நல்ல மயிலா என்று சொல்ல முடியுமா? கேள்வி சிறியதாகத் தோன்றினாலும் பலர் இதைப் பல காரணங்களுக்காகக் கேட்டுவந்திருக்கிறார்கள். வெளிநாடுகளில் மயில் வளர்த்து விற்பவர்கள் படம் பார்த்தே விலை பேசுகிறார்கள். வனவிலங்கு மருத்துவருக்கு, அடிபட்ட மயிலைக் கையில் எடுப்பதற்கு முன்பே அதன் படம் வந்துவிடுகிறது. பறவை ஆய்வாளர்களோ முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக, பெண்மயில் எந்த ஆணைத் தேர்ந்தெடுக்கிறது என்ற வழக்கில் படங்களையும் சாட்சியாக வைத்து வாதாடியிருக்கிறார்கள்.

இந்த மூன்று தரப்பும் பார்ப்பவை ஏறக்குறைய ஒன்றுதான்: தோகையின் நீளம், தோகையிலுள்ள கண்கள், கழுத்தின் நிறம், கொண்டை, உடலின் பொதுவான தோற்றம். ஆனால் இந்த அடையாளங்கள் எல்லாவற்றையும் படம் ஒரே அளவு நேர்மையோடு காட்டுவதில்லை. சிலவற்றை அப்படியே காட்டுகிறது, சிலவற்றைத் திரித்துக் காட்டுகிறது, சிலவற்றைக் காட்டுவதேயில்லை. இந்த வேறுபாட்டைப் பிரித்தறிவதே இக்கட்டுரையின் நோக்கம். இங்கே பேசப்படுவது பெரும்பாலும் நம் ஊர்களில் காணும் நீல மயில். ஒப்பிடத் தேவைப்படும் இடத்தில் மட்டும் தென்கிழக்கு ஆசியாவின் பச்சை மயில் வரும்.

பெண்மயில் எதைப் பார்க்கிறது: ஒரு நீண்ட வழக்கு

மயிலின் அழகை மதிப்பிடும் உரிமை முதலில் பெண்மயிலுக்குத்தான் என்று வாதிட்டவர் சார்லஸ் டார்வின். 1871இல் வெளிவந்த மனிதனின் தோற்றம் பற்றிய நூலில், ஆணின் அலங்காரம் தலைமுறை தலைமுறையாகப் பெண்ணின் தேர்வால் வளர்ந்தது என்றார். ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் இதை ஏற்கவில்லை. பறவைக்கு அழகுணர்ச்சி இருக்கிறது என்பதே அவருக்கு ஐயத்துக்குரியதாக இருந்தது. ஆணின் மிகுதியான உயிராற்றலே அலங்காரமாக வெளிப்படுகிறது என்று அவர் கருதினார். 1975இல் அமோட்ஸ் சஹாவி மூன்றாவது விடை ஒன்றைத் தந்தார். தோகை ஒரு சுமை. அந்தச் சுமையோடும் உயிர்பிழைத்திருப்பதே ஆணின் தரத்துக்குச் சான்று என்பது அவர் வாதம்.

இவை யாவும் கருத்துகளாகவே இருந்தன. மயில்களைக் கவனித்து எண்ணிப் பார்க்கும் வேலையை இங்கிலாந்தின் விப்ஸ்னேட் விலங்குப் பூங்காவில் மரியன் பெட்ரியும் அவருடைய குழுவினரும் செய்தார்கள். 1991இல் வந்த அவர்கள் கட்டுரையின்படி, தோகையில் அதிகக் கண்கள் கொண்ட ஆண்களே அதிகம் இணைசேர்ந்தன. ஒரு பெண்மயில் பல ஆண்களைச் சுற்றிப் பார்த்து முடிவெடுத்த 11 நிகழ்வுகளில் 10இல், அது பார்த்தவற்றுள் மிக அதிகக் கண்கள் உடைய ஆணையே ஏற்றது. 1994இல் சில ஆண்களின் தோகையிலிருந்து 20 கண்களை வெட்டியெடுத்தபோது அந்த ஆண்களுக்குக் கிடைத்த இணைகள் குறைந்தன. பாடநூல்களில் இடம்பெற்ற மயில் கதை இதுதான்.

2008இல் ஜப்பானிலிருந்து எதிர்ச்சாட்சி வந்தது. மரிக்கோ தகாஹாஷியும் சக ஆய்வாளர்களும் இசு கள்ளிப் பூங்காவில் சுதந்திரமாகத் திரியும் மயில்களை ஏழு ஆண்டுகள் கவனித்து, 268 இணைசேர்தல்களைப் பதிவு செய்திருந்தார்கள். தோகை நீளத்துக்கும் கண்களின் எண்ணிக்கைக்கும் இணை கிடைப்பதற்கும் எந்தத் தொடர்பும் அவர்களுக்குத் தென்படவில்லை. பெட்ரியும் பிரான்சில் மயில்களை ஆய்ந்த அடெலின் லோயோவும் சேர்ந்து இதற்கு மறுப்பு எழுதினார்கள். ஒரே இனப் பறவை, ஒரே அடையாளம். இரண்டு நாடுகளில் இரண்டு விடைகள்.

இந்த முடிச்சை ஓரளவு அவிழ்த்தவர்கள் கனடாவின் ரோஸ்லின் டாகினும் ராபர்ட் மான்ட்காமரியும். 2011இல் அவர்கள் முன்வைத்த விளக்கம் படம் பார்த்து மதிப்பிடுவோர் அனைவருக்கும் முக்கியமானது. முழுவளர்ச்சி பெற்ற ஆண்மயில்களின் தோகையில் கண்களின் எண்ணிக்கை பெரிதாக மாறுவதில்லை. பெரும்பாலானவற்றில் அது 165 முதல் 170க்குள் நிற்கிறது. தோகை இறகுகள் தோலில் ஒழுங்கான வரிசைகளில் முளைப்பதால், நினைத்த மயில் நினைத்தபடி இருபது கண்களைக் கூட்டிக்கொள்ள இயலாது. எண்ணிக்கை குறைந்திருந்தால் இறகுகள் முறிந்திருக்கின்றன அல்லது உதிர்ந்திருக்கின்றன என்பதே பெரும்பாலும் பொருள். வெகுவாகக் குறைந்த ஆண்களைப் பெண்மயில்கள் ஒதுக்குகின்றன. ஆனால் இயல்பான எல்லைக்குள் இருக்கும் ஆண்களுக்குள்ளே, கண் எண்ணிக்கை வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பதாகத் தெரியவில்லை.

இந்த விளக்கத்தை ஏற்றால் விப்ஸ்னேடும் இசுவும் முரண்பட வேண்டியதில்லை. கண்களை வெட்டியபோது பெட்ரி ஆண்களை இயல்புக்குக் கீழே தள்ளினார். தகாஹாஷி இயல்புக்குள்ளேயே ஒப்பிட்டார். முழுத் தீர்வு இதுவே என்று சொல்ல முடியாவிட்டாலும், படத்திலிருந்து மயிலை மதிப்பிடும் வேலைக்கு இதிலிருந்து ஓர் அடிப்படை கிடைக்கிறது. தோகையைப் பொறுத்தவரை படம் குறையைக் காட்டுவதில் வல்லது. இரண்டு நல்ல மயில்களுள் எது மேல் என்று சொல்வதில் அது பலவீனமானது.

நீளம்: அதிகம் பேசப்படுவது, குறைவாக அளக்கக்கூடியது

தோகை என்பது வால் அல்ல. உண்மையான வால் குட்டையான, பழுப்பு நிற 20 இறகுகளாலானது. தோகை விரியும்போது பின்னாலிருந்து தாங்கி நிற்பது அதுதான். வாலின் மேலே முதுகுப்புறத்தை மூடும் இறகுகள் நீண்டு வளர்ந்ததே தோகை. அலகு நுனி முதல் வால் நுனிவரை ஆண்மயில் 100 முதல் 115 செ.மீ. இருக்கும், முழுத் தோகையின் நுனிவரை அளந்தால் 195 முதல் 225 செ.மீ. வரும். அதாவது முழுத் தோகை, வாலைத் தாண்டி உடலின் நீளத்துக்கு ஏறக்குறைய இணையான தூரம் பின்னால் செல்கிறது. படத்தில் அளவுகோல் எதுவும் இல்லாதபோது இந்த விகிதம் ஒன்றே நமக்குத் துணை.

அந்த விகிதத்தையும் கோணம் கெடுத்துவிடும். மயில் பக்கவாட்டில் சரியாக நின்றால் தோகை முழு நீளத்தில் விழும். அந்த நிலையிலிருந்து 30 பாகை திரும்பி நின்றால், தோகை தன் நீளத்தில் 87 விழுக்காடாகத் தெரியும். இழப்பு கண்ணில் படாது. 60 பாகை திரும்பினால் பாதியாகச் சுருங்கிவிடும். உடலும் அதே கோணத்தில் சுருங்குமே, விகிதம் மாறாதே என்று வாதிடலாம். ஆனால் மயிலின் உடல் நேர்க்கோட்டில் நிற்பதில்லை. கழுத்து நிமிர்ந்திருக்கிறது, தோகை தரையை நோக்கிச் சரிகிறது, நடக்கும்போது பக்கவாட்டில் வளைகிறது. கைப்பேசியின் அகலக் காட்சி லென்ஸால் அருகிலிருந்து எடுத்த படத்தில், கேமராவுக்கு அண்மையிலிருக்கும் முனை பெரிதாகிவிடும். தோகைப்புறமிருந்து குனிந்து எடுத்த படங்களில் எந்த மயிலுக்கும் நீண்ட தோகை அமைந்துவிடுவது இதனால்தான். விற்பனைக்கான படங்கள் பல இப்படியே எடுக்கப்படுகின்றன. அவற்றை வைத்து நீளத்துக்கு விலை கொடுப்பது சரியல்ல.

கோணத்தைவிடப் பெரிய சிக்கல் காலம். மயில் ஆண்டுதோறும் தோகையை உதிர்த்து மீண்டும் வளர்க்கிறது. வட இந்தியாவில் பிப்ரவரியில் வளரத் தொடங்கும் தோகை ஆகஸ்டு இறுதிவாக்கில் உதிர்கிறது. இனப்பெருக்கக் காலம் மழையை ஒட்டி இடத்துக்கு இடம் மாறுகிறது: தென்னிந்தியாவில் ஏப்ரல், மே உச்சம், இலங்கையில் ஜனவரி முதல் மார்ச் வரை, வட இந்தியாவில் ஜூன். ஆகவே தேதியும் இடமும் இல்லாத படத்தில் தோகை நீளம் பற்றிச் சொல்லப்படும் எந்தத் தீர்ப்பும் அரைகுறையானது. மே மாதத்தில் குட்டைத் தோகை ஒரு கேள்வியை எழுப்பும். செப்டம்பரில் அது இயல்பு.

வயதும் குறுக்கே வருகிறது. இரண்டாம் ஆண்டு முடியும்வரை ஆணுக்குத் தோகை என்று சொல்லத்தக்கது வளர்வதில்லை. நான்கு வயதைத் தாண்டிய பறவைகளிலேயே முழுத் தோகையைக் காணலாம். எனவே குட்டைத் தோகைக்கு இளமை, இறகு உதிர்வு, காயம், நலிவு என்று நான்கு காரணங்கள் உண்டு. நீளம் ஒன்றை மட்டும் பார்த்தால் நான்கும் ஒன்றுபோலவே தெரியும். தோகையின் விளிம்பைப் பார்த்தால்தான் பிரிக்க முடியும். இளம் ஆணின் தோகை குட்டையாக இருந்தாலும் ஒரே சீராக முடியும். உதிர்க்கும் ஆணிடம் எஞ்சிய ஓரிரு நீள இறகுகள் தனித்துத் தொங்கும். நடுவில் வெற்றிடம் இருக்கும். காயம்பட்ட தோகையில் பல இறகுகள் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் முறிந்து, தண்டு மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். முழுத் தோகையின் மிக நீண்ட இறகுகளுக்குக் கண் கிடையாது. அவை மீன்வால் போலப் பிளந்து முடியும். அந்தப் பிளவு நுனிகள் படத்தில் முழுமையாகத் தெரிந்தால், தோகை வளர்ந்து முடிந்திருக்கிறது, நுனி முறியவில்லை என்று உறுதியாகச் சொல்லலாம். சென்டிமீட்டர் கணக்கைவிட நம்பத்தக்க சான்று இது.

கண்களை எண்ணுதல்

மயில் தோகையை விரித்து நேர் எதிரே நிற்கும் படம் கிடைத்தால் கண்களை எண்ணலாம். படத்தைப் பெரிதாக்கி, எண்ணிய ஒவ்வொரு கண்ணிலும் ஒரு புள்ளி வைத்துக்கொண்டே செல்ல வேண்டும். இல்லாவிட்டால் எண்ணியதையே மீண்டும் எண்ணிவிடுவோம். அடிப்பகுதியிலுள்ள சிறிய கண்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். சிலவற்றைக் கழுத்தும் உடலும் மறைக்கும். மயில் தோகையை அசைத்துத் திரும்பும்போது எடுத்த மூன்று நான்கு படங்களில் தனித்தனியே எண்ணி ஒப்பிட்டால் இந்தப் பிழை குறையும். பின்புறமிருந்து எடுத்த படம் எண்ணுவதற்குப் பயன்படாது. இறகுகளின் பின்பக்கத்தில் நிறம் இல்லை.

எண்ணிக்கையைவிட ஒழுங்கைப் பார்ப்பது எளிது, பயனும் அதிகம். கண்கள் ஒன்றையொன்று குறுக்கிடும் வளைகோடுகளாக அமைந்திருப்பதால் ஓர் இறகு இல்லாமல் போன இடம் ஓட்டையாகத் தெரிந்துவிடும். இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒத்திருக்கின்றனவா என்று பார்ப்பதும் இதன் பகுதியே. ஒரு பக்கம் மட்டும் பெரிய ஓட்டை இருந்தால், நாயோ வேறு விலங்கோ பிடித்திழுத்திருக்கலாம், வேலியில் சிக்கியிருக்கலாம். அது பறவையின் பிறவித் தரத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. அடுத்த ஆண்டு அந்த இடத்தில் இறகு மீண்டும் முளைக்கும்.

கழுத்தின் நீலம்: சாயமில்லாத நிறம்

வாங்குவோரும் விற்போரும் மிகவும் நம்புவது கழுத்தின் நிறத்தைத்தான். படம் மிகவும் ஏமாற்றுவதும் அதில்தான். மயிலின் நீலமும் பச்சையும் சாயத்தால் வருவதில்லை. இறகின் நுண்ணிழைகளுக்குள் கறுப்பு நிறமியாலான மிக நுண்ணிய கம்பிகள் அணிவகுத்திருக்கின்றன. ஒளி அந்த அணிவகுப்பில் பட்டுத் திரும்பும்போது நிறம் பிறக்கிறது. சீன ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட அளவுகளின்படி, இந்தக் கம்பிகளின் இடைவெளி நீலப் பகுதியில் ஏறக்குறைய 140 நானோமீட்டர், பச்சைப் பகுதியில் ஏறக்குறைய 150. ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அவ்வளவு சிறிய வேறுபாடே நீலத்தைப் பச்சையாக்குகிறது.

இப்படிப் பிறக்கும் நிறம், ஒளி விழும் கோணத்துக்கும் பார்க்கும் கோணத்துக்கும் ஏற்ப மாறும். ஒரே மயில் தலையைத் திருப்பினால் கழுத்தின் ஒரு பக்கம் ஆழ்ந்த ஊதாநீலமாகவும் மறுபக்கம் பச்சை கலந்தும் தெரியும். மேகம் மறைத்தால் கறுத்துப்போகும். இதற்கு மேல் கேமரா தன் பங்குக்கு வெண்மைச் சமநிலையைத் தானே திருத்துகிறது, கைப்பேசி நிறத்தை அடர்த்தியாக்குகிறது. பறவைகளின் கண்ணுக்குப் புலப்படும் புறஊதா ஒளியைச் சாதாரணக் கேமரா பதிவதில்லை. பெண்மயில் காணும் கழுத்தும் நாம் படத்தில் காணும் கழுத்தும் ஒன்றல்ல.

நிறத்துக்கு மதிப்பே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. டாகினும் மான்ட்காமரியும் 2013இல் வெளியிட்ட ஆய்வு, தோகைக் கண்ணின் நடுவிலுள்ள நீலப்பச்சைப் பகுதியின் நிறம், ஆண்கள் இணைசேரும் வெற்றியின் வேறுபாட்டில் ஏறக்குறைய பாதியை விளக்குவதாகக் காட்டியது. எண்ணிக்கை செய்யாததை நிறம் செய்கிறது என்றே சொல்லலாம். ஆனால் அவர்கள் நிறத்தைப் படத்திலிருந்து எடுக்கவில்லை. இறகுகளை எடுத்து, ஆடும் மயில்மேல் வெயில் விழும் கோணத்தை ஒத்த அமைப்பில் வைத்து நிறமாலைமானியால் அளந்தார்கள். கேமராவாலேயே நிறத்தை அளக்க விரும்புவோருக்கும் முறைகள் உண்டு: செயலாக்கம் செய்யாத மூலக்கோப்பு, படத்துக்குள் ஒரு சாம்பல்நிற அளவட்டை, சீரான ஒளி. இம்மூன்றும் இல்லாத படத்தைக் கொண்டு இந்த மயிலின் நீலம் அந்த மயிலின் நீலத்தைவிட ஆழமானது என்று சொல்வதற்கு அடிப்படை இல்லை. ஒரே படத்தில், ஒரே வெயிலில், ஒரே திசை பார்த்து நிற்கும் இரண்டு பறவைகளை மட்டும் ஓரளவு ஒப்பிடலாம்.

கழுத்து இன்னொரு கேள்விக்கும் பயன்படுகிறது: இது எந்த மயில்? இதற்குச் சாயலைப் பார்ப்பதைவிட வடிவத்தைப் பார்ப்பது நல்லது. பச்சை மயிலின் கழுத்து இறகுகள் மீன் செதில்போல விளிம்பு தெரிய அடுக்கியிருக்கும். ஆணும் பெண்ணும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். அதன் முகத்தோலில் மஞ்சளும் நீலமும் உண்டு. நம் நீல மயிலின் முகத்தோல் வெள்ளை. கழுத்தில் செதில் தோற்றம் இல்லை. ஒளியின் விளையாட்டால் நீலக் கழுத்து பச்சையாகத் தெரியலாம். அதற்காக முகத்தோல் மஞ்சளாகிவிடாது. இரண்டும் கலந்த ஸ்பால்டிங் என்னும் கலப்பினப் பறவைகள் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டுத் தெரியும். கலப்பு பல தலைமுறைக்கு முந்தியதாக இருந்தால் படம் காட்டிக்கொடுக்காது. தூய பச்சை மயில் என்று படத்தை மட்டும் காட்டிச் சொல்லப்படும் உறுதிமொழியை ஏற்க இயலாததற்கு அதுவே காரணம்.

கொண்டை

தலையில் விசிறிபோல நிற்கும் கொண்டையில், நீல மயிலுக்குத் தண்டுகள் வெறுமையாக இருந்து நுனியில் மட்டும் இறகு விரியும். பச்சை மயிலின் கொண்டை உயரமானது, இறுகிய ஒற்றைக் கற்றையாக நிற்பது. இனத்தைப் பிரிக்கும் அடையாளங்களில் படத்தில் மிகவும் தெளிவாகத் தெரிவது இதுதான்.

நீல மயிலில் கொண்டை ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு. இரு பாலிலும் அதன் அமைப்பு உடல்நிலையைச் சுட்டுகிறது என்று டாகின் 2011இல் எழுதினார். தோகை இல்லாத பெண்மயிலைப் படத்திலிருந்து மதிப்பிட வேண்டியவர்களுக்கு இது மதிப்புமிக்க குறிப்பு. விசிறி பக்கவாட்டில் விரிந்து நிற்கும் படம் இருந்தால் நுனிகள் ஒரே வளைவில் அமைந்திருக்கின்றனவா, இடையில் தண்டு முறிந்திருக்கிறதா, புதிதாக முளைக்கும் குட்டை இறகு இருக்கிறதா என்று பார்க்கலாம். முன்னாலிருந்து எடுத்த படத்தில் விசிறி ஒரு கோடாகத் தெரியும். அதைக் கொண்டு எதுவும் சொல்ல வேண்டாம். ஆண் தோகையை அதிரவைக்கும் வேகத்துக்கு இசைந்து கொண்டை இறகுகள் தாமும் அதிர்கின்றன என்று 2018இல் ஓர் ஆய்வு காட்டியது. கொண்டை பார்ப்பதற்கு மட்டுமன்றி உணர்வதற்கும் உதவும் உறுப்பாக இருக்கலாம். அப்படியானால் அதன் வேலையில் ஒரு பாதி எந்தப் படத்திலும் பதியாது.

பெண்ணா, ஆணா என்ற ஐயம்

தோகை இருந்தால் ஆண் என்ற விதிக்கும் விலக்கு உண்டு. முதிர்ந்த அல்லது சினைப்பை செயலிழந்த பெண்மயில், ஆணின் இறகுக்கோலத்துக்கு மாறக்கூடும். 1780இலேயே ஜான் ஹன்டர் என்ற மருத்துவர் இத்தகைய ஒரு பெண்மயிலைப் பதிவு செய்திருக்கிறார். ஆணின் கோலமே இந்த இனத்தின் அடிப்படைக் கோலம், பெண்ணின் இயக்குநீர்தான் அதைத் தடுத்துப் பழுப்பாக்குகிறது என்பது இப்போதைய விளக்கம். இத்தகைய பறவை அரிது. ஆனாலும் தோகை நலிந்து, கழுத்தில் பழுப்பும் நீலமும் கலந்து காணும் படத்தை உடனே நோயுற்ற ஆண் என்று முடிவுகட்டுவது பிழையாகலாம்.

கருந்தோள் மயிலிலும் இப்படி ஒரு பொறி இருக்கிறது. ஆணின் தோளில் வழக்கமான வரிகள் இல்லாமல் கறுத்திருக்கும். பெண்ணோ, வெளிறிய உடலில் அங்கங்கே கரும்புள்ளிகளோடு இருக்கும். இதைத் தனி இனம் என்று 1860இல் ஸ்கிளேட்டர் பெயரிட்டார். டார்வின் 1868இல், வளர்ப்புக் கூட்டங்களுக்குள் தானாகத் தோன்றும் மாறுபாடு இது என்று வாதிட்டார்; அவர் சொன்னதே நிலைத்தது. பழக்கமில்லாத கண்ணுக்கு அந்தப் பெண், சத்துக்குறைவால் வெளுத்த மயிலாகத் தெரியும்.

உடல்நிலை: இறகுக்குள் மறைந்திருப்பது

ஆண்மயில் 4 முதல் 6 கிலோவும் பெண் சுமார் 2.75 முதல் 4 கிலோவும் இருக்கும். பறவையின் ஊட்டத்தை அறிய மருத்துவர் முதலில் செய்வது நெஞ்செலும்பின் விளிம்பை விரலால் தடவிப் பார்ப்பது. இரு பக்கமும் தசை நிறைந்திருந்தால் விளிம்பு மழுங்கி உணரப்படும். மெலிந்திருந்தால் கத்திபோல எழும்பும். படத்தில் இது அகப்படாது. குளிரில் சிலிர்த்த மயில் மெலிந்திருந்தாலும் பருத்துத் தெரியும். எடை பற்றிப் படம் பார்த்து உறுதி கூறுவோரை நம்ப வேண்டியதில்லை.

படத்தில் அகப்படுபவை வேறு. முகத்தின் வெற்றுத்தோலில் அம்மைக் கொப்புளமோ பொருக்கோ இருந்தால் தெரியும். கண்ணுக்குக் கீழே ஒரு பக்கம் வீங்கியிருந்தால் சுவாசத் தொற்றை ஐயுறலாம். கால் செதில்கள் தடித்துத் தூக்கி நின்றால் சிற்றுண்ணித் தொல்லை இருக்கலாம். எச்சம் ஒட்டிய பின்புறம், தொங்கும் சிறகு, பகலில் மூடிய கண் ஆகியவையும் கெட்ட அறிகுறிகளே. ஆனால் ஒற்றைப் படம் ஒரு நொடியை மட்டுமே பிடிக்கிறது. இமைக்கும் நொடியில் எடுத்தால் நலமுள்ள மயிலும் கண்மூடியிருக்கும். இங்கே காணொளி படத்தைவிட மேலானது.

இன்னும் நுட்பமான சான்று ஒன்று இறகிலேயே இருக்கிறது. இறகு வளரும் நாட்களில் பறவை பட்டினியோ நோயோ பட்டால், அந்த நாட்களில் வளர்ந்த பகுதியில் மெல்லிய, ஒளி ஊடுருவும் குறுக்குக்கோடு விழுகிறது. தோகை ஆண்டுதோறும் புதிதாக வளர்வதால், அதிலுள்ள கோடு அந்த ஆண்டின் வளர்ச்சி மாதங்களைப் பற்றியது. பல இறகுகளில் ஒத்த மட்டத்தில் கோடு ஓடினால், உடல் முழுவதும் ஒரே நேரத்தில் பாதிக்கப்பட்டிருக்கிறது. உயர்தெளிவுப் படத்தில் மட்டுமே இதைக் காணலாம்.

ஒரு படத்தை வாசித்துப் பார்த்தால்

விராலிமலைப் பக்கம் செப்டம்பர் முதல் வாரத்தில் பக்கவாட்டில் எடுத்த ஓர் ஆண்மயில் படம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். தோகை குட்டை. கழுத்து மங்கலான நீலம். இது நோயுற்ற மயில் என்பது ஒருவர் கருத்து. இளம் மயில் என்பது இன்னொருவர் கருத்து.

முதலில் தேதி. செப்டம்பர் இறகு உதிர்க்கும் காலம் என்பதால் குட்டைத் தோகை தனியாக எதையும் நிறுவாது. அடுத்து விளிம்பு. பின்னால் மீன்வால் நுனியுடைய இரண்டு நீள இறகுகள் தொங்குகின்றன, மற்றவை இல்லை. மீன்வால் நுனியுடைய முழுநீள இறகு இளம் ஆணுக்கு இருக்காது. ஆகவே இது முதிர்ந்த ஆண், உதிர்த்துக்கொண்டிருக்கிறது. காலில் நீண்ட குதிமுள் தெரிந்தால் இம்முடிவு மேலும் உறுதிப்படும். கழுத்தின் மங்கலுக்கு வானத்தைப் பார்க்கிறோம்: தரையில் நிழல் விழவில்லை, மேகமூட்டம். ஆகவே நிறத்தைப் பற்றி எதுவும் சொல்வதற்கில்லை. முகத்தோல் வெள்ளையாக, சுத்தமாக இருக்கிறது, கொண்டை விசிறி முழுமை, இரு சிறகும் ஒரே உயரத்தில் மடிந்திருக்கின்றன, கால்கள் சீரானவை. ஆகத் தீர்ப்பு: முதிர்ந்த ஆண், பருவத்துக்குரிய இறகு உதிர்வு, நோயின் வெளி அடையாளம் எதுவும் இல்லை. எடை தெரியாது. தோகையின் தரம் அடுத்த ஏப்ரலுக்கு முன் தெரியாது.

இதே படம் ஏப்ரலில் எடுத்ததாக இருந்தால் தீர்ப்பு முற்றிலும் மாறியிருக்கும். இனப்பெருக்க உச்சத்தில் இரண்டே நீள இறகுகள் என்றால் அது இறகு இழப்பு. காரணத்தைத் தேடியாக வேண்டும்.

இன்னும் முடியாதவை

பெண்மயிலின் கண்ணசைவைப் பதியும் சிறு கருவியைத் தலையில் பொருத்தி ஜெசிக்கா யோர்சின்ஸ்கியும் சக ஆய்வாளர்களும் 2013இல் செய்த ஆய்வு இந்த வழக்குக்கு எதிர்பாராத திருப்பம் தந்தது. அருகில் நிற்கும் பெண்மயில் பெரும்பாலும் தோகையின் கீழ்ப்பகுதியைப் பார்த்தது. ஆணின் தலையையும் கொண்டையையும் அரிதாகவே பார்த்தது. மனிதர் படத்தில் தேடும் அடையாளங்களும் பெண்மயில் தேடுபவையும் வேறாக இருக்க வாய்ப்பு உண்டு. தோகை ஒரு சுமை என்ற சஹாவியின் கருத்தும் அசைக்கப்பட்டிருக்கிறது: தோகையோடும் தோகையை வெட்டிய பின்பும் மயில்கள் மேலெழும்பிப் பறப்பதை அளந்த கிரஹாம் அஸ்க்யூ 2014இல் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதையும் காணவில்லை. நீண்ட தோகை ஆணின் வலிமைக்குச் சான்று என்ற பொதுநம்பிக்கை இதனால் பொய்த்துவிடவில்லை. ஆனால் அதை நிறுவப்பட்ட உண்மையாக எழுதுவதும் சரியல்ல. மேலே சொன்ன ஆய்வுகளில் பெரும்பாலானவை இங்கிலாந்து, பிரான்சு, ஜப்பான், வட அமெரிக்கா ஆகிய இடங்களின் பூங்காக்களில் விடப்பட்ட மயில்களைப் பற்றியவை. மயிலின் சொந்த மண்ணில், காட்டோரத்திலும் வயல்வெளியிலும் வாழும் கூட்டங்களில் அதே முடிவுகள் வருமா என்பது தீரவில்லை.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் மயிலை முதல் அட்டவணையில் வைத்திருக்கிறது. பிடித்து வைத்து அளக்க நமக்கு உரிமையில்லை. படம் எடுக்கத் தடையில்லை. எனவே மயிலைப் படமெடுப்போரிடம் ஒரு வேண்டுகோள். பக்கவாட்டில் ஒன்று, விரித்த தோகைக்கு நேர் எதிரே ஒன்று, முகம் தெளிவாக ஒன்று, கால் தெரிய ஒன்று என எடுங்கள். நிறத்தைத் திருத்தாத மூலக்கோப்பை வைத்திருங்கள். ஒவ்வொன்றோடும் தேதியையும் ஊரையும் தவறாமல் எழுதிவையுங்கள்.